சாம்பிள் மிருதங்கம் வாசித்தது போல ஒலிக்க: வெலாசிட்டியும் மெல்லடியும்

மதுரையில் மார்கழி பஜனைக்கும், சௌராஷ்டிரக் கீர்த்தனைப் பதிவுக்கும், நாட்டியப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கும் வீட்டுக் கணினியிலேயே பின்னணி இசை அமைத்துக் கொடுப்பவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். பாடுபவரை நேரில் அழைத்துப் பதிவு செய்கிறார்கள். வயலினுக்கும் ஆள் வந்துவிடுகிறார். மிருதங்க வித்வான் கிடைக்காத நாளில், அல்லது பணம் அதற்கு எட்டாதபோது, சாம்பிள் தொகுப்பை வைத்து மிருதங்கத்தைத் தாங்களே அமைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகுப்பு நல்ல மிருதங்கத்தை நல்ல மைக்கில் பதிவு செய்ததாகவே இருந்தாலும், பாட்டு ஓர் ஆவர்த்தனம் போவதற்குள் கேட்பவருக்கு அது இயந்திரம் என்று தெரிந்துவிடுகிறது. பெரும்பாலும் குற்றம் சாம்பிளில் இருப்பதில்லை. எந்த அடி எவ்வளவு வலுவாக விழுகிறது, அடிகளுக்கு இடையே கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற இரண்டையும் எழுதாமல் விட்டதுதான் காரணம். இந்தக் கட்டுரை அந்த இரண்டை மட்டும் விளக்குகிறது. எடுத்துக்காட்டாக நிமிடத்துக்கு 75 அட்சரம் ஓடும் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக அமைத்துப் பார்க்கலாம்.

வெலாசிட்டி என்றால் என்ன

மிடி முறையில் நாம் எழுதும் ஒவ்வொரு அடியோடும் 1 முதல் 127 வரை ஓர் எண் சேர்ந்து போகிறது. அந்த எண்தான் வெலாசிட்டி. கீபோர்டில் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதை அளப்பதற்காக வந்த எண் அது; மவுஸால் பியானோ ரோலில் புள்ளி வைக்கும்போது மென்பொருள் தானாகவே ஏதாவது ஒரே எண்ணை, பெரும்பாலும் 100 அல்லது அதையொட்டிய ஒன்றை, எல்லா அடிக்கும் போட்டுவிடுகிறது. புதிதாகத் தொடங்குபவரின் மிருதங்கம் தட்டச்சு ஒலி போல இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்த எண்ணை ஒலியளவு என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதி வழியில் நின்றுவிடுவோம். மிருதங்கத்தில் மெதுவாக விழுந்த அடியும், ஓங்கி விழுந்து பிறகு ஒலி குறைக்கப்பட்ட அடியும் ஒன்றல்ல. ஓங்கி அடிக்கும்போது தோலின் விளிம்பிலிருந்து எழும் கூர்மையான ‘டக்’ ஒலி மெல்லிய அடியில் ஏறக்குறைய இல்லாமலே போகும்; நாதம் மட்டும் மங்கலாக வரும். ஆகவே நல்ல தொகுப்புகளில் ஒரே அடியை மெல்லியது, நடுத்தரம், ஓங்கியது என்று பல அடுக்குகளாகப் பதிவு செய்து, வெலாசிட்டி எண்ணைப் பொறுத்து எந்த அடுக்கு ஒலிக்க வேண்டும் என்று பிரித்து வைத்திருப்பார்கள்.

உங்கள் தொகுப்பில் அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ‘நம்’ என்ற ஓர் அடியை மட்டும் எடுத்து, அரை நொடிக்கு ஒன்றாக, வெலாசிட்டி 10, 20, 30 என்று 120 வரை ஏணி போல ஏற்றி எழுதிக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒலியளவு சீராக ஏறிக்கொண்டே வரும். ஓரிடத்தில் மட்டும் குரலே மாறியது போல ஒரு தாவல் கேட்கும். அதுதான் அடுக்கின் எல்லை. அது 64இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே சொல்லின் அடிகளுக்கு 62, 66, 63, 67 என்று எண் கொடுத்தால் அவை இரண்டு அடுக்குகளுக்கும் இடையே மாறி மாறித் தாவி, இரண்டு மிருதங்கங்களை வைத்து வாசித்தது போலக் கேட்கும். எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தெளிவாகத் தள்ளி எழுதுவதே நல்லது. அதே ஏணியில் கீழ்ப்படிகளையும் கவனியுங்கள். சில தொகுப்புகளில் 30க்குக் கீழே எதுவுமே காதில் விழாது; சிலவற்றில் 20கூட நன்றாகக் கேட்கும். இந்தக் கட்டுரையில் நான் தரும் எண்கள் சீராக ஏறும் ஒரு தொகுப்பை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. உங்கள் ஏணிக்கு ஏற்றபடி அவற்றை நகர்த்திக்கொள்ள வேண்டும்.

தொகுப்பில் ஒவ்வோர் அடிக்கும் ஒரே ஒரு சாம்பிள்தான் இருக்கிறது என்றாலும் வழியுண்டு. சாம்ப்ளரில் உயர் அதிர்வெண்களை வெட்டும் லோபாஸ் ஃபில்டரை வெலாசிட்டியோடு இணைத்து, எண் 110க்கு மேல் ஃபில்டர் முழுவதும் திறந்திருக்குமாறும், 30 அளவில் ஏறக்குறைய 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவை மங்குமாறும் அமைத்தால், மெல்லிய அடியின் கூர்மை போய்விடும். உண்மையான மெல்லடிப் பதிவுக்கு இது ஈடாகாது என்றாலும், பின்னணியில் கேட்கும்போது போதுமானது.

எந்த அடி எந்தக் கையில்

என்னிடம் கற்றுக்கொள்ள வரும் ஓர் இளைஞர் ஒருமுறை தாம் அமைத்த பஜனைப் பாட்டொன்றை எங்கள் தெருவில் குடியிருக்கும் மிருதங்க ஆசிரியர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினார். அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே நான்கு ஆவர்த்தனம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, வாசிக்கிறவருக்கு மூணு கையா?” என்று கேட்டார். இளைஞருக்குப் புரியவில்லை. “ஏன் சார், சத்தம் நல்லாத்தானே இருக்கு?” என்றார். “சத்தத்துக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. வலது கை நம் போட்ட அதே நேரத்துல தின்னும் கேக்குதே, அது யாரு போடுறது?” என்றார் ஆசிரியர்.

அந்தக் கேள்வியையே நாம் விதியாக வைத்துக்கொள்ளலாம். மிருதங்கத்தில் வலந்தலை என்ற வலது முகத்துக்கு ஒரு கை, தொப்பி என்ற இடது முகத்துக்கு ஒரு கை. வலந்தலையின் அடிகள் எல்லாம் ஒரு டிராக்கிலும் தொப்பியின் அடிகள் எல்லாம் மற்றொரு டிராக்கிலும் இருக்குமாறு முதலிலேயே பிரித்து எழுதினால், ஒரே கையில் ஒரே நேரத்தில் இரண்டு அடி வந்துவிட்டால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நமது எடுத்துக்காட்டுக்கு ஆறு ஒலிகள் போதும். வலந்தலையில், மோதிர விரல் லேசாகத் தொட்டிருக்க ஆள்காட்டி விரலால் விளிம்பில் தட்டும் கணீரென்ற ‘நம்’. அதைவிடச் சற்று உள்ளே விழும் ‘தின்’. கடைசி மூன்று விரல்களைச் சேர்த்து, நடுவிலுள்ள கருப்பு வட்டமான கரணையில் தட்டும் மூடிய ‘கி’. ஆள்காட்டி விரல் மட்டும் கரணையில் விழும் ‘ட’. தொப்பியில், திறந்து விடும் ‘தொம்’, உள்ளங்கையும் விரல்களும் தோலிலேயே தங்கிவிடும் மூடிய ‘க’. விரல் வைக்கும் முறையும் சொல்லின் பெயரும் பாணிக்குப் பாணி மாறும்; இங்கே நான் கையாளும் பெயர்களை நிரலுக்கான அடையாளமாக மட்டும் கொள்ளுங்கள்.

கைகளைப் பிரித்த பிறகு ஒன்றையொன்று நிறுத்தும் அமைப்பைச் செய்ய வேண்டும். சாம்ப்ளர்களில் இதைச் சோக் குரூப் அல்லது மியூட் குரூப் என்பார்கள். தொப்பியில் ‘தொம்’ ரீங்கரித்துக்கொண்டிருக்கும்போது ‘க’ விழுந்தால் ரீங்காரம் அடங்க வேண்டும். வலந்தலையில் ‘நம்’ ஒலித்துக்கொண்டிருக்கும்போது ‘கி’ விழுந்தால் அது நிற்க வேண்டும். ஆனால் வலது கையின் அடி தொப்பியின் ஒலியை வெட்டக் கூடாது. ஆகவே இரண்டு குழுக்கள், தலைக்கு ஒன்று. ஒலி வெட்டப்படும் இடத்தில் கத்தரித்தது போலத் தெரியாமலிருக்க, அடங்குவதற்கு 60 முதல் 80 மில்லிநொடி வரை விடுங்கள். ‘ட’ என்ற அடியை மட்டும் நான் வலந்தலைக் குழுவில் சேர்ப்பதில்லை. லேசாகத் தொடும் ஒற்றை விரல் ‘நம்’மின் நாதத்தை ஓரளவுதான் மங்கச் செய்யும், சாம்ப்ளரோ முழுவதும் நிறுத்தும் அல்லது அப்படியே விட்டுவிடும். இரண்டில் விட்டுவிடுவதே காதுக்கு இயல்பாக இருக்கிறது.

தற்செயல் எண் ஏன் உதவாது

எல்லா அடியும் 100ஆக இருப்பது தவறு என்று தெரிந்தவுடன் பலரும் நாடுவது ‘ஹியூமனைஸ்’ என்ற பொத்தானை. அது ஒவ்வோர் எண்ணையும் தற்செயலாகக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. ஆனால் மிருதங்கம் வாசிப்பவரின் அடிகள் தற்செயலாக மாறுவதில்லை. ஓர் அடி மெலிவதற்கு அந்தக் கை முந்தைய அடியிலிருந்து இப்போதுதான் திரும்பியது, அந்த விரலுக்கு வலு குறைவு, சொல்லில் அது அழுத்தமில்லாத எழுத்து என்று ஏதாவது காரணம் இருக்கும். பொத்தானுக்கு இவை தெரியாது. ஆவர்த்தனம் தொடங்கும் இடமான சமத்தில் விழ வேண்டிய ‘நம்’மை 84ஆக இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒதுங்கி நிற்க வேண்டிய ‘ட’வை 110க்கு ஏற்றிவிடும். விளைவு வாசித்தது போல இருக்காது. கை தடுமாறியது போல இருக்கும்.

காரணங்களில் முதன்மையானது கையின் உயரம். ஓங்கி அடிக்க வேண்டுமானால் கை மேலே எழ வேண்டும், எழுவதற்கு நேரம் வேண்டும். அதே கை சற்று முன்புதான் ஓர் அடியை வைத்தது என்றால் அடுத்த அடியில் வலு குறையத்தான் செய்யும். இதை நான் ஒரு தோராயமான வரம்பாக வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன்: ஒரே கையில் முந்தைய அடிக்கும் இந்த அடிக்கும் 400 மில்லிநொடி அல்லது அதற்கு மேல் இடைவெளி இருந்தால் எண்ணுக்குத் தடையில்லை, 200 மில்லிநொடி என்றால் 95க்கு மேல் போவதில்லை, 100 மில்லிநொடி என்றால் 70க்கு மேல் போவதில்லை. தேர்ந்த வித்வான்கள் இந்த வரம்பை எளிதாகத் தாண்டுவார்கள். நமக்குக் கேட்பவர் சந்தேகப்படாமலிருப்பதே போதும்.

நிமிடத்துக்கு 75 அட்சரம் என்பது இந்தக் கணக்குக்கு வசதியான வேகம். ஓர் அட்சரம் 800 மில்லிநொடி. சதுஸ்ர நடையில் அதை நான்காகப் பிரித்தால் ஒரு கால்பங்கு 200 மில்லிநொடி. மென்பொருளில் ஓர் அட்சரத்துக்கு 480 டிக் என்று இருந்தால் ஒரு கால்பங்குக்கு 120 டிக் வரும். 3 டிக் என்பது 5 மில்லிநொடி.

இரண்டு அட்சரத்தை எழுதிப் பார்த்தல்

மத்தியமகாலக் கீர்த்தனைக்குச் சர்வலகுவாக வாசிக்கும் எளிய சொல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: தா தின் தின் தா. நான்கு சொற்கள் இரண்டு அட்சரத்தில் பரவுகின்றன. அதாவது எட்டுக் கால்பங்குகளில் 1, 3, 5, 7 ஆகிய இடங்களில் விழுகின்றன. ‘தா’ வரும் இடத்தில் வலந்தலையில் ‘நம்’ வைக்கிறோம். 2, 4, 6, 8 ஆகிய இடங்கள் காலியாகத் தெரிகின்றன. வாசிப்பவரின் கை அந்த இடங்களில் சும்மா இருப்பதில்லை. விரல் தோலை லேசாகத் தொட்டுக் காலப்பிரமாணத்தை உள்ளுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறது. மேற்கத்திய டிரம்ஸ் வாசிப்பவர்கள் கோஸ்ட் நோட் என்று சொல்வதும் இப்படிப்பட்ட அடியைத்தான். நாம் இதை மெல்லடி என்போம்.

கீழே முதல் எண் கால்பங்கின் இடம். அடுத்த நிரலில் வலந்தலை, அதற்கடுத்த நிரலில் தொப்பி. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் வெலாசிட்டி.

```
1   நம் 100    தொம் 84
2   ட 28       -
3   தின் 76    -
4   -          க 34
5   தின் 84    தொம் 64
6   ட 30       -
7   நம் 70     -
8   -          க 38
```

வலந்தலை நிரலை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். முதல் ‘நம்’முக்கு முன்னால், முந்தைய சுற்றின் ஏழாவது இடத்துக்குப் பிறகு, 400 மில்லிநொடி ஓய்வு இருக்கிறது, கை நன்றாக எழுந்து 100இல் விழுகிறது. உடனே ஆள்காட்டி விரல் கரணையில் 28இல் தொட்டுவிட்டு 200 மில்லிநொடிக்குள் ‘தின்’னுக்கு வர வேண்டும், ஆகவே அது 76. நான்காவது இடத்தில் வலது கைக்கு வேலையில்லை, அதனால் ஐந்தாவது இடத்தின் ‘தின்’ 84க்கு ஏறுகிறது. ஏழாவது இடத்தில் மீண்டும் ‘நம்’. முன்னால் மெல்லடி இருப்பதாலும், சொல் அங்கே முடிந்து அடங்குவதாலும் அது 70தான். ஒரே ‘நம்’ முதலில் 100, பிறகு 70. இந்த வேறுபாடு இல்லையென்றால் எங்கே சொல் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதே கேட்பவருக்குத் தெரியாது.

தொப்பி நிரலில், நான்காவது இடத்தில் 34இல் வரும் ‘க’ இரண்டு வேலை செய்கிறது. முதல் ‘தொம்’மின் ரீங்காரத்தை அடக்குகிறது, ஐந்தாவது இடத்தின் சிறிய ‘தொம்’முக்குக் கையைத் தயாராக்குகிறது. எட்டாவது இடத்தின் ‘க’வும் அப்படியே, ஆனால் அடுத்து வருவது பெரிய ‘தொம்’ என்பதால் 38. மெல்லடிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண் கொடுக்காமல், வலுவான அடியை நோக்கிப் போகும் மெல்லடி சற்றே உயர்ந்தும், வலுவான அடிக்குப் பின்னால் வரும் மெல்லடி தாழ்ந்தும் இருக்குமாறு வைத்தால், ஓட்டம் முன்னோக்கி இழுப்பது போலக் கேட்கும்.

மெல்லடியின் அளவு சரியா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தம்பூராவையும் குரலையும் சேர்த்து ஓடவிட்டு, மெல்லடிகளை மட்டும் திடீரென்று மியூட் செய்யுங்கள். ஏதோ குறைந்துவிட்டது, தாளம் நொண்டுகிறது என்று தோன்ற வேண்டும். மீண்டும் திறக்கும்போது புதிதாக ஓர் ஒலி சேர்ந்தது என்று தோன்றக் கூடாது. மியூட் செய்தும் வேறுபாடு தெரியவில்லையென்றால் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். திறந்தவுடன் ‘டிக் டிக்’ என்று தனியே காதில் விழுந்தால் இறக்குங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பக்கத்தில்தான் தவறுகிறார்கள். சிரமப்பட்டு எழுதிய அடி கேட்க வேண்டும் என்ற ஆசையில் 50, 55 என்று வைத்துவிடுகிறார்கள். அப்போது அது மெல்லடி அல்ல, சொல்லில் இல்லாத கூடுதல் எழுத்து. ‘தா தின் தின் தா’ என்பது வேறு ஏதோ சொல்லாக மாறிவிடுகிறது.

நான்கு சுற்று, ஓர் ஆவர்த்தனம்

இரண்டு அட்சரச் சொல்லை நான்கு முறை வைத்தால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் நிறைகிறது. நான்கையும் அப்படியே நகலெடுத்து ஒட்டினால் இதுவரை செய்த வேலை வீண். தாளத்துக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது: நான்கு அட்சர லகு, பிறகு இரண்டிரண்டாக இரு திருதங்கள். சமம் எல்லாவற்றையும்விடக் கனமானது. ஐந்தாவது அட்சரம், அதாவது முதல் திருதத்தின் தொடக்கம், அதற்கு அடுத்தது. எனவே முதல் சுற்றின் ‘நம்’ 100 என்றால், இரண்டாம் சுற்றில் 91, மூன்றாம் சுற்றில் 96, நான்காம் சுற்றில் 90 என்று வைக்கிறேன். ‘தொம்’மும் அதே விகிதத்தில் ஏறி இறங்கும். மெல்லடிகளை ஓரிரண்டு எண் மாற்றினால் போதும்.

நான்காம் சுற்றின் பின்பாதியில், அதாவது எட்டாவது அட்சரத்தில், சமத்துக்குக் கொண்டுசேர்க்கும் சிறிய சொல் ஒன்றை வைப்போம்: தகிட தகிட தா. மூன்றும் மூன்றும் இரண்டும் சேர்ந்து எட்டு. ஓர் அட்சரத்தை எட்டாகப் பிரிப்பதால் ஒவ்வொன்றும் 100 மில்லிநொடி, 60 டிக்.

```
1   த   தொம் 74
2   கி  கி 56
3   ட   ட 40
4   த   தொம் 70
5   கி  கி 58
6   ட   ட 42
7   தா  தொம் 80
8   -
```

இங்கே ‘த’வும் ‘தா’வும் தொப்பியின் ‘தொம்’ ஆகிவிடுவதால் மூன்று, மூன்று, இரண்டு என்ற பிரிவு அடியொலியிலேயே கேட்கிறது. ‘கி’யும் ‘ட’வும் ஒரே கையில் அடுத்தடுத்து வருபவை, மூன்று விரல்கள் விழுந்து எழும் அசைவிலேயே ஆள்காட்டி விரல் சாய்ந்து விழுகிறது. அதனால் ‘ட’ எப்போதும் ‘கி’யைவிடக் குறைவு. இந்த இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்த நிரலைக் கேட்டால், வேகமாகச் செல்லும் சொற்களில் இயந்திரத்தனம் எங்கிருந்து வருகிறது என்று உடனே விளங்கும்.

எட்டாவது இடத்தைக் காலியாக விட்டிருப்பதைக் கவனியுங்கள். அங்கேயும் ஓர் அடியை நிரப்பிவிட்டால், அடுத்த சமத்தின் ‘நம்’முக்கு வலது கைக்கு 100 மில்லிநொடிதான் கிடைக்கும். காலியாக விட்டால் ஆறாவது இடத்து ‘ட’விலிருந்து 300 மில்லிநொடி கிடைக்கிறது. அப்படியிருந்தும், இந்தச் சொல்லுக்குப் பின் வரும் சமத்து ‘நம்’மை நான் 100 வைப்பதில்லை, 95 தான். எண் குறைந்தாலும் காதுக்கு அது வழக்கமான சமத்தைவிடப் பெரிதாகவே கேட்கிறது. முன்னால் போன அடிகள் எல்லாம் 80ஐத் தாண்டவில்லை, கடைசியில் ஒரு சிறு மௌனமும் இருக்கிறது. அவற்றின் பக்கத்தில் 95 உயர்ந்து நிற்கிறது. சமத்தை இன்னும் பெரிதாக்க வேண்டும் என்று தோன்றும்போது 127க்கு ஏற்றாமல், அதற்கு முந்தைய அடிகளை இறக்கிப் பாருங்கள்.

சிறிய நகர்வுகள்

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வெலாசிட்டி சரியாக இருந்தால் நேரத்தில் அதிகம் செய்ய வேண்டியதில்லை. ‘நம்’மும் ‘தொம்’மும் சேர்ந்து விழும் இடத்தில் தாழ்ந்த ஒலியான ‘தொம்’ காதுக்கு எட்டச் சற்று நேரம் எடுக்கும் என்பதால் அதை 3 டிக் முன்னால் நகர்த்துகிறேன். இரண்டாவது, ஆறாவது இடங்களின் ‘ட’வை 3 டிக் பின்னால் தள்ளுகிறேன். ‘நம்’ கட்டத்திலேயே நிற்கிறது. இந்த நகர்வுகள் எல்லாச் சுற்றிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒரு சுற்றில் முன்னால், அடுத்ததில் பின்னால் என்றால் பாடுபவர் குழம்புவார். நகர்த்துவதற்கு முன், சாம்பிளின் தொடக்கத்தில் மௌனம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். 20 மில்லிநொடி மௌனம் இருந்தால் நீங்கள் செய்யும் 5 மில்லிநொடி நகர்வுக்குப் பொருளே இல்லை.

ஒரே சாம்பிள் அடுத்தடுத்து வரும்போது எழும் ஒருமாதிரித் தன்மைக்கு, தொகுப்பில் ரவுண்ட் ராபின் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்; ஒரே அடியின் வெவ்வேறு பதிவுகளை அது சுழற்றி ஒலிக்கும். இல்லாவிட்டால் ‘ட’, ‘கி’ போன்ற மூடிய அடிகளின் சுருதியை மிகச் சிறிய அளவில் மாற்றலாம். ‘நம்’மில் அதைச் செய்யாதீர்கள். வலந்தலை பாடுபவரின் ஆதார சுருதிக்குச் சேர்க்கப்பட்டது. தம்பூராவின் பக்கத்தில் அது அசைந்தால் யாருக்கும் பொறுக்காது.

கம்ப்ரசரில்தான் பலருடைய மெல்லடிகள் கெடுகின்றன. கம்ப்ரசர் பெரிய அடியை அமுக்குகிறது. அமுக்கியதை ஈடுகட்ட மொத்த ஒலியையும் உயர்த்தும்போது 28இல் ஒதுங்கி நின்ற ‘ட’வும் கூடவே ஏறிவிடுகிறது. கம்ப்ரசரை அணைத்து வைத்துக்கொண்டு எண்களை முடிவு செய்யுங்கள். பிறகு 90க்கு மேற்பட்ட அடிகளில் மட்டும் அதன் முள் அசையும்படி வரம்பை உயர்த்தி வைத்து இயக்குங்கள். முன்பு சொன்ன மியூட் சோதனையை அதன் பிறகு இன்னொரு முறை செய்வது அவசியம். ரெவர்ப் அதிகமானாலும் இதே கேடுதான். மெல்லடிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அது நிரப்பிவிடும்.

கேட்டுப் பழகுவதற்கு மதுரையில் இடத்துக்குக் குறைவில்லை. நவராத்திரி நாட்களில் மீனாட்சியம்மன் கோயிலில் நடக்கும் கச்சேரிகளிலோ, தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் நடக்கும் கச்சேரிகளிலோ, மிருதங்கக்காரரின் வலது கை தெரியும் பக்கமாகப் போய் உட்கார்ந்து, தனி ஆவர்த்தனத்தை விட்டுவிட்டுப் பாட்டுக்கு வாசிக்கும் பகுதியைக் கவனியுங்கள். எந்த அடிக்குக் கை எவ்வளவு உயர்கிறது, எப்போது விரல் மட்டும் அசைகிறது என்பதைப் பார்த்துவிட்டு வந்தால், பியானோ ரோலில் எண் எழுதும்போது ஊகிக்க வேண்டியிருக்காது.

அங்கே இன்னொன்றும் தெரியும். பல்லவியில் குரல் தாழ்ந்து தொடங்கும்போது மிருதங்கம் அடங்கியிருக்கும். அனுபல்லவியில் குரல் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அதுவும் சேர்ந்து நிமிரும். நிரலில் இதைச் செய்ய, அனுபல்லவிப் பகுதியின் ‘நம்’, ‘தின்’, ‘தொம்’ ஆகிய அடிகளைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றுக்கும் 6 முதல் 8 வரை கூட்டுங்கள். டிராக்கின் ஒலியளவை உயர்த்துவது இதற்கு ஈடாகாது, ஏனென்றால் அடியின் கூர்மை அப்போது மாறுவதில்லை. கூட்டும்போது 40க்குக் கீழுள்ள அடிகள் தேர்வில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசிப்பவர் எழுச்சியாக வாசிக்கும்போதும் மெல்லடிகள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.